தோற்க இடமுள்ள சான்றிதழ்

இணையவழிச் சான்றிதழ்களிலும் குறுகியகாலப் படிப்புகளிலும் வேலை கொடுப்பவர் மதிப்பது எது, பெரும் பணம் கொடுத்து வாங்கிச் சட்டம் போட்டு மாட்டும் அலங்காரம் எது என்பதே இன்றைய பொருள்.

சான்றிதழ்களில் அடிப்படையாக இரண்டு வகை உண்டு. ஒன்று, இன்னார் இந்தப் படிப்பை முடித்தார் என்று சொல்வது. மற்றொன்று, இன்னார் இந்தத் தேர்வில் தேறினார் என்று சொல்வது. முதல் வகையில் பாடம் நடத்தியவரே சான்றும் தருகிறார். காணொளிகளைக் கடைசிவரை ஓடவிட்டு, தவறினால் மறுபடி மறுபடி எழுதக்கூடிய வினாக்களுக்கு விடை சொடுக்கினால் போதும். இரண்டாம் வகையில் கண்காணிப்பாளர் ஒருவர் இருக்கிறார், அடையாள அட்டை பார்க்கிறார்கள், நேரம் முடிந்ததும் கணினி நின்றுவிடுகிறது. முதல் வகையில் பணம் கட்டியவர் தோற்பது அரிது. இரண்டாம் வகையில் தோற்பவர் நிறைய. வேலை கொடுப்பவர் பார்ப்பது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

ஏன் அப்படி? ஆள் எடுக்கும் முறையைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விண்ணப்பம் இரண்டு கைகளைக் கடந்து போகிறது. முதலில் மனிதவளப் பிரிவு. அவர்கள் வேலைவாய்ப்புத் தளத்தில் சில சொற்களை இட்டுத் தேடுகிறார்கள். சான்றிதழின் பெயர் அந்தச் சொற்களில் ஒன்றாக இருந்தால் விண்ணப்பம் மேலே வருகிறது. அடுத்தது தொழில்நுட்பக் குழு. அந்த வேலையை நாள்தோறும் செய்பவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தாளைப் பார்ப்பதில்லை, கேள்வி கேட்கிறார்கள். ஆகவே ஒரு சான்றிதழால் ஆகக்கூடியது இவ்வளவுதான்: முதல் கதவைத் திறக்கும், இரண்டாம் கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். முதல் கதவையே திறக்காத சான்றிதழுக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பதில் என்ன பயன்?

திறக்கும் சான்றிதழ் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றை விரிவாகப் பார்ப்பது நல்லது. ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்ற லினக்ஸ் நிர்வாகத் தேர்வு அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதில் சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற கேள்வி ஒன்றுகூட இல்லை. தேர்வு எழுதுபவர் முன்னால் ஓடும் கணினிகளை வைத்து, ஒரு பணிப்பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். இணையம் கிடையாது, கணினியிலேயே உள்ள உதவிப் பக்கங்கள் மட்டும் உண்டு. பயனர் கணக்குகளை உருவாக்க வேண்டும், வட்டின் இடத்தைப் பெருக்க வேண்டும், வலையமைப்பைச் சரிசெய்ய வேண்டும், பாதுகாப்பு விதி தடுக்கும் ஒரு சேவையை அந்த விதியை அணைக்காமலே இயங்க வைக்க வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால்தான் தேர்ச்சி.

இந்தத் தேர்வின் கடுமை ஒரே ஒரு நிபந்தனையில் இருக்கிறது. கணினியை அணைத்து மறுபடி இயக்கிய பிறகும் செய்த வேலை நிலைத்திருக்க வேண்டும். மறு இயக்கத்துக்குப் பிறகு இருக்கும் நிலைக்குத்தான் மதிப்பெண். ஒரு புதிய வட்டுப் பகுதியை `/data` என்ற இடத்தில் இணைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கட்டளை கொடுத்து அந்த நேரத்துக்கு இணைத்துவிடுவது எளிது. நிலைத்திருக்க வேண்டுமானால் `/etc/fstab` கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் வட்டின் அடையாள எண்ணை ஓர் எழுத்து தவறாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? அடுத்த முறை இயக்கும்போது கணினி வழக்கமாக எழும்பாமல் அவசர நிலையில் போய் நின்றுவிடும். அதில் செய்த மற்ற வேலைகள் எல்லாம் சரியாக இருந்தாலும் அவற்றைப் பார்த்து மதிப்பெண் போட வழியில்லை. பயிற்சி உள்ளவர் அந்த வரியை எழுதியவுடன் `mount -a` என்று கொடுத்துப் பிழை வருகிறதா என்று பார்ப்பார். பிறகு தாமே ஒருமுறை மறு இயக்கம் செய்து பார்ப்பார். காணொளி மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பழக்கம் வந்திருக்காது.

இங்கேதான் வேலை கொடுப்பவரின் மதிப்பு பிறக்கிறது. ஒரு வங்கியின் சர்வரில் அதே தவறு நடந்தால் அதே விளைவுதான் நடக்கும். தேர்வுக்கூடத்தில் அந்தத் தவறைச் செய்யாதவர் வேலையிலும் செய்யாமலிருக்க வாய்ப்பு அதிகம் என்று மேலாளர் கணக்குப் போடுகிறார். தேர்வும் வேலையும் ஒரே உருவத்தில் இருக்கின்றன. அந்தச் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். ரெட் ஹேட்டின் தளத்தில் சான்று எண்ணைக் கொடுத்து எவரும் சரிபார்க்கலாம். கட்டணம் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது, உண்மைதான். ஆனால் அது தேர்வுக்கான கட்டணம். பாடத்தை நூலகப் புத்தகத்தை வைத்தும் வீட்டுக் கணினியில் இலவச லினக்ஸை நிறுவியும் கற்றுக்கொள்ள முடியும்.

மேகக் கணினிச் சான்றிதழ்களுக்கு வருவோம். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களும் இவற்றை நடத்துகின்றன. இவற்றை நிறுவனங்கள் மதிப்பதற்கு அறிவைத் தாண்டிய ஒரு காரணம் உண்டு. வளாகத்தில் அதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அமேசானின் மேகச் சேவையை விற்றும் பராமரித்தும் கொடுக்கும் நிறுவனங்கள் அதன் கூட்டாளிகளாகப் பதிவு செய்கின்றன. கூட்டாளிகளில் படிநிலைகள் உண்டு. மேல் படிக்கு ஏற வேண்டுமானால், சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதும் ஒரு நிபந்தனை. வலையமைப்புத் துறையில் சிஸ்கோவின் கூட்டாளிகளுக்கும் இப்படிப்பட்ட நிபந்தனைகள் உண்டு. ஆகவே சான்றிதழ் பெற்ற ஓர் ஊழியர் அந்த நிறுவனத்தின் தகுதிக் கணக்கிலேயே ஓர் எண். பல நிறுவனங்கள் தங்கள் ஊழியரின் தேர்வுக் கட்டணத்தைத் திருப்பித் தருவது இதனால்தான். ஒரு சான்றிதழை நிறுவனம் மதிக்கிறதா என்று அறிய இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை: அதற்கு நிறுவனம் தன் கையிலிருந்து பணம் தருகிறதா?

இதிலும் படிகளைப் பார்க்க வேண்டும். அமேசானின் முதல் படித் தேர்வு, கிளவுட் பிராக்டிஷனர், 100 டாலர். விற்பனை, நிதி, நிர்வாகத்தில் இருப்பவர்களும் எழுதலாம் என்று கருதி வைக்கப்பட்ட அறிமுகத் தேர்வு அது. பொறியியல் பட்டதாரி அதை மட்டும் வைத்துக்கொண்டு மேகப் பொறியாளர் வேலைக்குப் போனால் அது பெரிதாக எடுபடாது. அடுத்த படியான சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் 150 டாலர். 130 நிமிடத்தில் 65 கேள்விகள். ஆயிரத்துக்கு 720 எடுக்க வேண்டும். வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்படுவது இந்தப் படியும் இதற்கு மேலுள்ளவையும்தான். முதல் படியில் செலவிடும் நூறு டாலரை மிச்சம் பிடித்து நேராக இரண்டாம் படிக்குப் படிப்பதே பொறியியல் மாணவருக்கு நல்லது. முதல் படியை எழுதினால்தான் இரண்டாம் படியை எழுதலாம் என்ற கட்டாயம் இல்லை.

ஆனால் இந்தத் தேர்வுகளில் ஓர் ஓட்டை இருக்கிறது. இவை சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுகள். தேர்வில் வந்த கேள்விகளைத் திருட்டுத்தனமாகத் தொகுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். துறையில் அதற்கு டம்ப் என்று பெயர். அதை மனப்பாடம் செய்து தேறியவர்களும் இருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழை ரத்துசெய்ய நடத்தும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. கண்டுபிடிக்கப்படாமல் போனாலும் நேர்காணலில் தப்ப முடியாது. எப்படி என்றால், தொழில்நுட்பக் குழு கேட்பது பெரும்பாலும் பழுது பார்க்கும் கேள்வி.

ஒரு கேள்வியைப் பார்ப்போம். மேகத்தில் ஒரு கணினியை உருவாக்கி, அதில் ஓர் இணையதளத்தை வைத்தாயிற்று. வெளியிலிருந்து உலாவியில் திறந்தால் வரவில்லை. எதை எதைப் பார்ப்பீர்கள்? செய்து பழகியவர் வெளியிலிருந்து உள்ளே நடந்து வருவதுபோல் வரிசையாகச் சொல்வார். கணினிக்குப் பொது முகவரி இருக்கிறதா? அது இருக்கும் உட்பிரிவின் வழிப்பட்டியலில் `0.0.0.0/0` என்ற வரி இணைய வாயிலைக் காட்டுகிறதா? பாதுகாப்புக் குழுவில் 80 என்ற வாசல் திறந்திருக்கிறதா? எல்லாம் சரியென்றால், கணினிக்குள்ளே இணையதள மென்பொருள் உண்மையில் ஓடுகிறதா? விடைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர் பாதுகாப்புக் குழு என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுவார். ஓர் உட்பிரிவு பொதுவானதாவது அதன் பெயரால் அல்ல, வழிப்பட்டியலால் என்பதைக் கையால் ஒருமுறையாவது தவறவிட்டுத் திருத்தியவருக்குத்தான் தெரியும். இந்த நான்கு நிமிட உரையாடலில் சான்றிதழ் எப்படி வந்தது என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

டாலரில் கட்டணம் கட்ட முடியாதவர் என்ன செய்வார்? அவருக்கும் வழி இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு நடக்கும் என்.பி.டி.இ.எல். திட்டம் 2003இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. 2014 முதல் அது சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. பாடம் முழுவதும் இலவசம். தேர்வுக்கு மட்டும் பாடம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். தேர்வை வீட்டிலிருந்து எழுத முடியாது. குறித்த நாளில் மையத்துக்கு நேரில் போக வேண்டும்.

இதன் மதிப்பெண் முறை கவனிக்கத்தக்கது. வாராவாரம் தரப்படும் பயிற்சிகளுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 25க்குப் பத்தும், தேர்வில் 75க்கு முப்பதும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ் உண்டு. மொத்தம் 90ம் அதற்கு மேலும் எடுத்தவருக்குத் தங்கம், 75 முதல் 89 வரை வெள்ளி என்று தரமும் குறிக்கப்படும். இரண்டு மதிப்பெண்களும் சான்றிதழிலேயே பிரித்து அச்சிடப்படுகின்றன. இது மிக நேர்மையான ஏற்பாடு. பயிற்சி விடைகள் இணையத்தில் உலவுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் பயிற்சியில் 25க்கு 25ம் தேர்வில் 75க்கு 31ம் எடுத்திருந்தால், அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பயிற்சியில் 20, தேர்வில் 62 என்றிருந்தால் அந்த மாணவரை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

இதற்கும் எல்லை உண்டு. பெரும்பாலான பாடங்களில் தேர்வு விடை தேர்ந்தெடுக்கும் வகைதான். பாடத்தைப் புரிந்துகொண்டாரா என்று அது சொல்லும், வேலையைச் செய்வாரா என்று சொல்லாது. நிரல் எழுதிக் காட்ட வேண்டிய சில பாடங்கள் இருக்கின்றன. சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் மொழியில் நடத்தும் பாடம் அவற்றில் ஒன்று. கணினித் துறை மாணவர் ஒரே ஒரு பாடம்தான் எடுக்க முடியும் என்றால் அந்த வகையில் எடுப்பது மேல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரியில் மதிப்பெண் மாற்றத்துக்காக எளிய பாடங்களை மட்டும் பொறுக்கி எட்டுப் பத்துச் சான்றிதழ் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் அந்தப் பட்டியல் நீளும்போது ஒவ்வொன்றின் எடையும் குறைகிறது. போகும் வேலைக்குப் பொருந்தும் இரண்டு பாடம், நல்ல மதிப்பெண்ணோடு, போதும்.

சட்டமே கேட்கும் சான்றிதழ்கள் தனி வகை. பரஸ்பர நிதித் திட்டங்களை விற்க வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். நடத்தும் ஐந்து-ஏ வரிசைத் தேர்வில் தேற வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி நிறுவிய கழகம் அது. இரண்டு மணி நேரத் தேர்வு, பாதி மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, மூன்று ஆண்டு செல்லும். வங்கியிலோ முகவர் நிறுவனத்திலோ இந்த வேலையில் சேர்பவருக்கு இது இல்லாமல் ஆகாது. பத்தாயிரங்களில் கட்டணம் வாங்கும் நிதிச்சந்தைப் பட்டயம் எதுவும் இதன் இடத்தை நிரப்பாது. அதேபோல், தமிழ்நாட்டு அரசின் தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் கணினி மையம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் டி.சி.ஏ., எச்.டி.சி.ஏ. போன்ற தாள்களை அந்தத் தகுதிக்கு ஈடாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த மையங்களில் சொல்லித்தரும் பாடம் பயன்படலாம். தாளுக்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

வணிகவியல் படித்தவர்கள் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள் என்பதால் அவர்கள் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது நியாயம். பி.காம். முடித்த ஒருவர் கார்ப்பரேட் அக்கவுண்டிங் என்ற பெயரில் ஆறுமாதப் பட்டயம் ஒன்றை அறுபதாயிரம் கட்டிப் படித்தார் என்று வைத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் போகிறார். பட்டயத்தை மேசையில் வைக்கிறார். கணக்காளர் அதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு கட்டுப் பில்லையும் வங்கி அறிக்கையையும் கொடுத்து, டேலியைத் திறந்து பதிவு செய்யச் சொல்கிறார். பட்டயம் அந்த நிமிடத்தோடு முடிந்துபோயிற்று. இனிப் பேசுவது கைதான்.

அந்தக் கட்டில் ஒரு பருத்தி நூல் கொள்முதல் பில் இருக்கிறது. நூலின் விலை ஒரு லட்சம். ஐந்து சதவீத வரி ஐயாயிரம். விற்றவரும் தமிழ்நாட்டுக்காரர் என்பதால் மத்திய வரி 2,500, மாநில வரி 2,500. இதுவரை எவரும் பதிவு செய்துவிடுவார். கேள்வி இதற்குப் பிறகு வருகிறது. இந்த ஐயாயிரத்தை இந்த மாதம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாமா? பில் கையில் இருக்கிறதே, கழிக்கலாம் என்று பட்டயக்காரர் சொன்னால் அங்கே சறுக்கிவிட்டார். நூல் விற்றவர் தம்முடைய ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் அந்த விற்பனையைக் காட்டியிருக்க வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவருக்கு அதன் கெடு அடுத்த மாதம் 11ஆம் தேதி. அவர் காட்டியிருந்தால் 14ஆம் தேதி உருவாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அந்தப் பில் தெரியும். தெரியாவிட்டால் 20ஆம் தேதிக்குள் போட வேண்டிய 3பி படிவத்தில் அந்த ஐயாயிரத்தைக் கழிக்கக் கூடாது. விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துப் பதிவேற்றச் சொல்லி, வரும் மாதத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. கழித்துவிட்டால் பின்னால் வட்டியோடு கட்ட நேரும்.

இதைத் தெரிந்தவருக்கு அன்றே வேலை உறுதியாகலாம். இதை எங்கே கற்கலாம்? ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஆறு மாதம் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்தால் கற்கலாம். மாதம் தவறாமல் 11ம் 14ம் 20ம் அங்கே வந்து போகும். அறுபதாயிரம் கொடுத்தும் இந்தத் தேதிகளின் நெருக்கடியைப் பார்க்காமல் வெளியே வரும் படிப்புகள் இருக்கின்றன. டேலி நிறுவனமே நடத்தும் சான்றிதழ்த் தேர்வுகள் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு வரியாக அது இருக்கலாம், தவறில்லை. ஆனால் பில் கட்டைக் கொடுக்கும் சோதனையிலிருந்து அது எவரையும் விடுவிப்பதில்லை.

இப்போது விலை உயர்ந்த அலங்காரத்துக்கு வருவோம். புகழ்பெற்ற ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் சின்னமும் ஒரு கல்வி வணிக நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து அச்சான சான்றிதழ். தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவு, டிஜிட்டல் சந்தைப்படுத்தல் என்று பெயர். ஒன்பது மாதம், பதினொரு மாதம். கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல். பெற்றோர் சின்னத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். தொழில்நுட்பக் குழுவில் இருப்பவர் எதைப் பார்ப்பார்? அந்த உயர்கல்வி நிறுவனத்தின் பட்டம் மதிக்கப்படுவதற்குக் காரணம் அதன் நுழைவுத்தேர்வு. லட்சக்கணக்கானவரில் சில ஆயிரம் பேரை வடிகட்டி எடுத்ததுதான் அதன் பெயர். இந்தப் படிப்பில் அந்த வடிகட்டி இல்லை. பணம் கட்டக்கூடியவர் எல்லோரும் சேரலாம். பாடத்தில் பெரும்பகுதியை வணிக நிறுவனத்தின் பயிற்றுநர்கள் நடத்துவார்கள், பேராசிரியர்கள் சில வகுப்புக்கு வந்து போவார்கள் என்பதே பல படிப்புகளில் நடைமுறை. சின்னம் ஒன்றே, கதவு வேறு. ஆள் எடுப்பவருக்கு இது தெரியும். தெரியாமலிருப்பவர் பணம் கட்டும் குடும்பத்தினர்தான்.

ஆகவே சேரும் முன் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்க வேண்டும். சேர்க்கை தருபவர் யார்? பாடம் நடத்துபவர் யார்? விடைத்தாள் திருத்துபவர் யார்? சான்றிதழில் கையெழுத்துப் போடும் பிரிவு எது? நான்குக்கும் அந்த உயர்கல்வி நிறுவனமே விடை என்றால் அது வேறு தரம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்பு அப்படிப்பட்டது. பாடம் இணையத்தில்தான், ஆனால் தகுதிப் படியைத் தாண்ட வேண்டும், தேர்வுகளை மையத்துக்குப் போய் எழுத வேண்டும், தோற்றால் அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். இடையில் விலகுபவருக்குப் பட்டயத்தோடு வெளியேறவும் வழி வைத்திருக்கிறார்கள். கதவு அகலமாக இருந்தாலும் வடிகட்டி உள்ளே இருக்கிறது. கூட்டுச் சான்றிதழ்கள் எல்லாமே வீண் என்று சொல்வதும் நியாயமாகாது. பத்து ஆண்டு அனுபவம் உள்ள மேலாளருக்கு, அவருடைய நிறுவனமே கட்டணம் செலுத்தினால், பதவி உயர்வுக் கோப்பில் அது ஒரு வரியாக உதவலாம். முதல் வேலை தேடும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அது அந்த உதவியைச் செய்வதில்லை.

வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்கிறார்களே என்று கேட்கலாம். ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். வேலை வாங்கித்தருவது வேறு, வேலை தேட உதவுவது வேறு. உத்தரவாதம் என்று எழுதிய இடத்திலும், இத்தனை சதவீத வருகை, எல்லாப் பயிற்சியும் கெடுவுக்குள், எந்த ஊருக்கும் போகச் சம்மதம், வந்த வேலையை மறுக்காமை என்ற நிபந்தனைகள் தொடரும். ஒன்றில் தவறினாலும் பணம் திரும்பாது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து கடன். கட்டணம் 1,80,000 என்று வைத்துக்கொள்வோம். வட்டியில்லாத் தவணை என்கிறார்கள். 24 மாதம், மாதம் 7,500. முதல் வேலையில் மாதம் 20,000 கிடைக்கும் ஒருவருக்கு அது சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேலை கிடைக்காதவருக்கு அது அப்பாவின் சம்பளம். இங்கே பலர் அறியாத ஒன்று: தவணை போகும் இடம் அந்தப் படிப்பு நிறுவனம் அல்ல, ஒரு நிதி நிறுவனம். அது முழுக் கட்டணத்தையும் முதலிலேயே படிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டிருக்கும். மாணவர் மூன்றாம் மாதம் படிப்பு சரியில்லை என்று நின்றாலும் கடன் நிற்காது. தானியங்கிப் பிடித்தம் தொடரும். கணக்கில் பணம் இல்லாவிட்டால் அபராதமும், பின்னால் வீட்டுக்கடனுக்குப் போகும்போது கடன் மதிப்பெண்ணில் கறையும் வரும். மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் இந்தத் தானியங்கிப் பிடித்தம் பற்றிப் பெற்றோரை எச்சரித்தது. இணையவழிக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்தது: கடனின் முழு விவரத்தையும் ஒரே தாளில் முன்கூட்டியே தர வேண்டும், அபராதமின்றி விலக ஒரு குறுகிய அவகாசமும் தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, அந்த அவகாசம் எத்தனை நாள் என்று படித்துக்கொள்ள வேண்டும்.

கோர்செரா போன்ற தளங்களில் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும் நிறைவுச் சான்றிதழ்களை எங்கே வைப்பது? கூகுள் பெயரில் வரும் தொழிற்சான்றிதழ்களும் இதில் அடங்கும். பாடத்தின் தரம் பல இடங்களில் மிக நன்று. கண்காணிப்பு இல்லாததால் தாளின் எடை குறைவு. கற்பதற்காக எடுப்பவருக்கு நட்டமில்லை. அதில் கற்றதைக் கொண்டு செய்த வேலை ஒன்றைக் காட்டினால் அந்த வேலைக்கு மதிப்பு உண்டு.

பணம் கட்டும் முன் எவரும் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வேலைவாய்ப்புத் தளத்தைத் திறந்து, போக விரும்பும் ஊரையும் சான்றிதழின் பெயரையும் இட்டுத் தேட வேண்டும். ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்று தேடினால் விளம்பரங்கள் வரும். சிஸ்கோ நடத்தும் சிசிஎன்ஏ என்று தேடினாலும் வரும். லட்சத்துக்கு மேல் கட்டணம் கேட்கும் படிப்பின் பெயரை இட்டுத் தேடும்போது அதைக் கேட்டு ஒரு விளம்பரமும் வரவில்லை என்றால், சந்தை தன் விடையைச் சொல்லிவிட்டது. அடுத்து, இரண்டு ஆண்டுக்கு முன் அந்தப் படிப்பை முடித்தவர்களை லிங்க்ட்இன் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டும். விளம்பரப் பலகையில் சிரிக்கும் நால்வரை அல்ல, கண்ணில் படும் முதல் பத்துப் பேரை. அவர்கள் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள், அந்த வேலைக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா என்பது தெரிந்துவிடும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வீட்டில் ஒரு பிள்ளை இப்படியொரு படிப்பில் சேரக் கேட்டால், தவணைத் தாளில் கையெழுத்துப் போடுவதை ஒரு பருவம் தள்ளிவைத்து, அதே துறையில் ஓர் என்.பி.டி.இ.எல். பாடத்தை எடுத்து நேரில் தேர்வு எழுதி வரச் சொல்லுங்கள். பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. பாடத்தைப் பார்க்கப் பணம் வேண்டாம்.